ஏப்ரலில் பஞ்சப்படி, ஜூலையில் இன்கிரிமென்ட்: ஒரு நண்டு கம்பெனியின் சம்பள பட்ஜெட்டுக்கு மூன்று வழிகள்

மண்டபம், பாம்பன் பக்கம் இறால் கம்பெனி, நண்டு கம்பெனி வைத்திருப்பவர்களுக்கு ஏப்ரல் மாதம் இரண்டு பக்கமும் இடி. 1ஆம் தேதி புதிய பஞ்சப்படி அமலுக்கு வருகிறது. 15ஆம் தேதி விசைப்படகுகள் கரையேறுகின்றன. ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். நாட்டுப்படகுச் சரக்கை வைத்துப் பாதி ஷெட்டை ஓட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் சம்பளச் செலவு கூடுகிறது. "படகே போகலை, இப்ப என்ன சார் இன்கிரிமென்ட்?" என்று முதலாளி கேட்பார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குள் அவர் இரண்டு விஷயங்களைச் சேர்த்துவிடுகிறார். சட்டப்படி கொடுத்தே ஆகவேண்டிய உயர்வு ஒன்று, கம்பெனி தானாகக் கொடுக்கும் ஆண்டு உயர்வு இன்னொன்று. இரண்டையும் எந்த வரிசையில் கணக்கில் ஏற்றுகிறோம் என்பதில்தான் மூன்று வழிகளும் பிரிகின்றன.

முதலில் பஞ்சப்படி. தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கை ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனியாக வருகிறது. அதில் வேலை வகைக்கேற்ப ஓர் அடிப்படைச் சம்பளம், அதன் மேல் பஞ்சப்படி. பஞ்சப்படி சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணோடு கட்டப்பட்டது. முந்தைய ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சராசரியை எடுத்து, கூடிய புள்ளி ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு ரூபாய் என்று கணக்கிட்டு ஏப்ரல் 1 முதல் கொடுக்கவேண்டும். டிசம்பர் குறியீட்டெண் ஜனவரிக் கடைசியில் வெளியாகிவிடும். ஆக, பிப்ரவரி முதல் வாரத்திலேயே ஏப்ரல் தொகையை நாமே போட்டுவிடலாம். மார்ச் 31 அன்று "தோராயமா 5 சதவீதம் வைங்க" என்று பட்ஜெட் போடும் பழக்கத்துக்கு இதில் இடமே இல்லை. குறியீட்டெண்ணின் அடிப்படை ஆண்டு மட்டும் கவனம். இப்போது வெளியாவது 2016 தொடர். உங்கள் அறிவிக்கை பழைய தொடரைச் சொன்னால் இணைப்புக் காரணியால் பெருக்கிய பிறகே ஒப்பிட வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பஞ்சப்படி உயர்வு கூட்டிப் பெருக்குபவருக்கும் மெஷின் ஓட்டுபவருக்கும் ஒரே ரூபாய்த் தொகை, சதவீதம் அல்ல. அதனால் சட்டத்தின் ஏணியில் படிக்கும் படிக்கும் உள்ள ரூபாய் வித்தியாசம் அப்படியே நிற்க, சம்பளத்தில் அதன் பங்கு மட்டும் வருடா வருடம் சுருங்குகிறது. உங்கள் கம்பெனியின் ஏணியைச் சட்டம் காப்பாற்றித் தராது.

இனி கணக்கு. நான் சம்பளப் பட்டியல் பார்க்கும் கம்பெனிகளின் சாயலில் 60 பேர் கொண்ட ஒரு நண்டு கம்பெனியை வைத்துக்கொள்வோம். தொகைகள் எல்லாம் கணக்குக்காக வைத்தவை. உங்கள் அறிவிக்கையின் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். நண்டு உடைக்கும் கூடத்தில் 30 பேர், எல்லாரும் முதல் படிநிலை. அவர்களில் 18 பேருக்கு 12,400 ரூபாய், அதாவது இன்றைய குறைந்தபட்சம். மீதி 12 பேர் பழைய ஆட்கள். பல வருட இன்கிரிமென்ட் சேர்ந்து 12,700. இரண்டாம் படிநிலையில் தரம் பிரித்து எடை போடுபவர்கள் 16 பேர், 13,300. மூன்றாவதில் ஃப்ரீசர் ஆபரேட்டர், எலக்ட்ரீஷியன் என 8 பேர், 14,600. சூப்பர்வைசர் 4 பேருக்கு 19,500. மேலாளரும் ஏற்றுமதிக் கணக்கு பார்ப்பவரும் 32,000. மாதச் சம்பளம் மொத்தம் 8,47,200. பஞ்சப்படி 550 ரூபாய் கூடுகிறது என்று வைப்போம். முதல் மூன்று படிநிலைகளின் புதிய குறைந்தபட்சம் 12,950, 13,250, 13,600. முதலாளி அனுமதித்திருப்பது 4 சதவீதம், மாதம் 33,888.

முதல் வழி: சட்டம் யாருக்குக் கேட்கிறதோ அவருக்கு மட்டும்.

18 பேருக்கு 550 கூட்ட வேண்டும். பழைய 12 பேர் 12,950ஐத் தொட 250 போதும். தரம் பிரிப்பவர்கள் ஏற்கெனவே 13,300 வாங்குவதால் அவர்களுக்கு ஒன்றுமில்லை, மேலே உள்ளவர்களுக்கும் இல்லை. மாதம் 12,900 ரூபாயில் முடிந்துவிடும். இது சட்ட விரோதமும் அல்ல. குறைந்தபட்ச ஊதியத்தை அடிப்படை, பஞ்சப்படி என்று பிரித்துப் பார்க்காமல் மொத்தமாக ஒரே தொகையாகத்தான் பார்க்கவேண்டும் என்று 1999இல் ஏர்ஃபிரைட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மொத்தம் தாண்டியிருந்தால் பஞ்சப்படியைத் தனியாகக் கேட்க முடியாது.

ஆனால் கூடத்துக்குள் போய்ப் பாருங்கள். இப்படிச் செய்த ஒரு கம்பெனியில் மே மாதச் சம்பளத்தன்று ஓர் அக்கா என் மேசைக்கு வந்து நின்றார். "பன்னெண்டு வருசமா நண்டு உடைக்கிறேன் சார். போன மாசம் வந்த புள்ளைக்கும் எனக்கும் ஒரே சம்பளமா?" என்னிடம் பதில் இல்லை. பல வருடம் சேர்த்த 300 ரூபாய் ஒரே நாளில் கரைந்துவிட்டது. அவருடைய சம்பளம் குறையவில்லை, 250 கூடித்தான் இருக்கிறது. கரைந்தது அவருக்கும் புதியவருக்கும் இடையே இருந்த வித்தியாசம். தடைக்காலம் முடிந்து ஜூன் 15க்கு மேல் சரக்கு வந்து குவியும்போது கை வேகமுள்ள பழைய ஆள் அடுத்த ஷெட்டுக்குப் போய்விட்டால், ஒரு கிலோ நண்டில் எவ்வளவு சதை தேறுகிறது என்பதில் அந்த இழப்பு தெரியும். சம்பளப் பட்டியலில் தெரியாது.

இரண்டாம் வழி: எல்லாருக்கும் 4 சதவீதம், அதன் பிறகும் குறைந்தபட்சத்துக்குக் கீழே நிற்பவரைத் தூக்கிவிடுவது. பெரும்பாலான கம்பெனிகள் செய்வது இதுதான். எக்செலில் ஒரே வரி. `B` இப்போதைய சம்பளம், `C` புதிய குறைந்தபட்சம்:

```
=MAX(B2*1.04, C2)
```

12,400க்கு 4 சதவீதம் போட்டால் 12,896. 54 ரூபாய் குறைகிறது, அதனால் `MAX` அவர்களை 12,950க்கு ஏற்றுகிறது. அந்த 54 ரூபாய் 18 பேருக்கு 972. பட்ஜெட் 33,888இலிருந்து 34,860 ஆகிறது. இந்தச் சரிபார்ப்பு இல்லாமல் சதவீதத்தை மட்டும் போட்டு, 18 பேருக்குச் சட்டத்துக்குக் கீழே சம்பளம் கொடுத்த பட்டியல்களையும் பார்த்திருக்கிறேன். ஆய்வாளர் வரும் வரை யாருக்கும் தெரியாது, ஏனென்றால் எல்லாருக்கும் சம்பளம் கூடித்தான் இருக்கும்.

முதல் பார்வைக்கு இந்த வழியில் குறை தெரியாது. புதியவருக்கும் பழையவருக்கும் இருந்த 300 வித்தியாசம் 258 ஆகிறது, அவ்வளவுதான். குறை மூன்றாம் வருடத்தில் வெளியே வருகிறது. ஒவ்வொரு வருடமும் பஞ்சப்படி 550, சதவீதம் 4 என்றே வைத்து ஓட்டிப் பாருங்கள். அந்த 18 பேர் 12,950, 13,500, 14,050 என்று ஒவ்வொரு முறையும் குறைந்தபட்சத்தின் மேலேயே வந்து உட்காருகிறார்கள். மூன்றாம் ஏப்ரலில் புதிதாகச் சேரும் பெண்ணுக்கும் 14,050 கொடுத்தாக வேண்டும். மூன்று வருடம் உழைத்தவர் வாங்கிய இன்கிரிமென்ட் பூஜ்யம். கடிதத்தில் மட்டும் "4% ஆண்டு உயர்வு" என்று மூன்று முறை அச்சாகியிருக்கும்.

பணம் எங்கே போகிறது என்றும் பார்க்கலாம். 34,860இல் 5,680 மேலே உள்ள 6 பேருக்குப் போகிறது. மேலாளருக்கு மட்டும் 1,280. சட்ட உயர்வு வெறும் 250 தேவைப்பட்ட பழைய 12 பேருக்கு 508. சதவீதம் என்றால் எல்லாருக்கும் சமம் என்று தோன்றும், ரூபாயில் அப்படி இல்லை.

மூன்றாம் வழி: பஞ்சப்படியைத் தனி வரியாகவும் ஆண்டு உயர்வைத் தனி வரியாகவும் வைப்பது. முதல் மூன்று படிநிலைகளில் இருக்கும் 54 பேருக்கும் ஏப்ரல் 1 முதல் 550 ரூபாய், ஏற்கெனவே குறைந்தபட்சத்தைத் தாண்டி வாங்கினாலும் சரி. ஆண்டு உயர்வு ரூபாய்த் தொகையாக அதன் மேல்: கூடத்தில் 18 பேருக்கு 100, பழைய 12 பேருக்கு 150, தரம் பிரிப்பவருக்கு 150, ஆபரேட்டருக்கு 250. சூப்பர்வைசருக்கு 3 சதவீதம், மேலே உள்ள இருவருக்கு 2 சதவீதம். இந்த ஆண்டு உயர்வு ஜூலை 1 முதல். `D` பஞ்சப்படி உயர்வு, `E` ஆண்டு உயர்வு என்றால்:

```
=MAX(B2+D2, C2)+E2
```

`E2` அடைப்புக்குறிக்கு வெளியே நிற்பதைப் பாருங்கள். முந்தைய வழியில் ஆண்டு உயர்வு `MAX`க்குள் இருந்தது, குறைந்தபட்சம் அதை விழுங்கியது. இங்கே விழுங்க முடியாது. மூன்று வருடம் கழித்து அந்த 18 பேர் 14,350இல் நிற்பார்கள், புதியவர் 14,050இல் சேருவார். நடுவில் 300 ரூபாய்.

மூன்று வழிகளின் விளைவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மூன்றாவது வழிக்கு ஜூலைக்குப் பிந்தைய சம்பளம்:

| யார் | இப்போது | முதல் வழி | இரண்டாம் வழி | மூன்றாம் வழி |
|---|---|---|---|---|
| கூடம், புதியவர் (18) | 12,400 | 12,950 | 12,950 | 13,050 |
| கூடம், பழையவர் (12) | 12,700 | 12,950 | 13,208 | 13,400 |
| தரம் பிரிப்பவர் (16) | 13,300 | 13,300 | 13,832 | 14,000 |
| ஆபரேட்டர் (8) | 14,600 | 14,600 | 15,184 | 15,400 |
| சூப்பர்வைசர் (4) | 19,500 | 19,500 | 20,280 | 20,085 |
| மேலாளர், கணக்கு (2) | 32,000 | 32,000 | 33,280 | 32,640 |

செலவை மறைக்கவில்லை. பஞ்சப்படி மாதம் 29,700, வருடத்துக்கு 3,56,400. ஆண்டு உயர்வு மாதம் 11,620, ஜூலை முதல் ஒன்பது மாதத்துக்கு 1,04,580. மொத்தம் 4,60,980. இரண்டாம் வழி 12 மாதத்துக்கு 4,18,320. வித்தியாசம் 42,660, பி.எஃப்., இ.எஸ்.ஐ., பணிக்கொடை சேர்த்தால் சுமார் 55,000. ஆண்டுச் சம்பளச் செலவில் அரை சதவீதத்தை ஒட்டி வருகிறது. முதலாளி சொன்ன 4 சதவீதத்துக்குள் இது அடங்காது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். அடக்குகிறேன் என்று நினைத்து ஆண்டு உயர்வை `MAX`க்குள் தள்ளினால் இரண்டாம் வழிக்கே திரும்பிவிடுவோம்.

ஜூலைக்குத் தள்ளியதில் மிச்சம் மூன்று மாதம், 34,860 ரூபாய். தடைக்காலத்துக்குள் விழும் கூடுதல் செலவு சட்டம் கேட்பதும் அதை ஒட்டியதும் மட்டுமே. கம்பெனி விரும்பிக் கொடுப்பது படகு கடலுக்குப் போன பிறகு தொடங்குகிறது. பஞ்சப்படியைத் தள்ள முடியாது. அறிவிப்பு தாமதமாகக் கையில் கிடைத்தாலும் கணக்கு ஏப்ரல் 1இலிருந்துதான், நிலுவையோடு.

சம்பளத்துக்கு மேல் ஏறும் செலவுகளில்தான் பட்ஜெட்டுகள் அதிகம் தவறுகின்றன. 15,000க்குக் கீழ் வாங்குபவருக்கு ஒரு ரூபாய் கூட்டினால் முதலாளி பங்கு பி.எஃப். நிர்வாகக் கட்டணம், காப்பீடு உட்பட 13 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25, பணிக்கொடைக்கு ஒதுக்க 4.81, மொத்தம் 21 சதவீதம். இதுவரை எல்லாரும் போடுவார்கள். போனஸ் அப்படி இல்லை. 2015 திருத்தத்துக்குப் பிறகு 21,000 வரை வாங்குபவரின் போனஸைக் கணக்கிடும் தொகை 7,000 ரூபாய் அல்லது குறைந்தபட்ச ஊதியம், எது அதிகமோ அது. ஆகவே தீபாவளி போனஸை ஏற்றுவது உங்கள் இன்கிரிமென்ட் அல்ல, அரசின் பஞ்சப்படி. குறைந்தபட்சம் 550 கூடினால் 8.33 சதவீதக் கணக்கில் ஆளுக்கு மாதம் 46 ரூபாய்; 58 பேருக்கு வருடத்தில் சுமார் 31,900. யாருக்கும் அதிகம் கூட்டாத முதல் வழியிலும் இந்தத் தொகை முழுதாக வரும். மாறாக, மூன்றாம் வழியில் நீங்கள் விரும்பிக் கொடுக்கும் 150 ரூபாய்க்குக் குறைந்தபட்ச போனஸில் ஒரு பைசா ஏறாது. முழு உயர்வுக்கும் 29 சதவீதம் போட்டு "கட்டுப்படியாகாது" என்று சொல்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

பணிக்கொடை எதிர்ப்பக்கத்தில் கடிக்கும். கடைசிச் சம்பளத்தை வைத்து மொத்தச் சேவைக்கும் அது கணக்கிடப்படுவதால், பத்து வருட ஆளுக்கு 700 ரூபாய் கூட்டினால் 700 × 15 ÷ 26 × 10, அதாவது 4,038 ரூபாய் பழைய வருடங்களுக்காக மட்டும் பொறுப்பு ஏறுகிறது. மாதச் செலவில் தெரியாது. அவர் வேலையை விடும் வருடத்தில் மொத்தமாகத் தெரியும். பழைய ஆட்கள் அதிகமுள்ள கம்பெனி இதற்கு ஒரு தனி வரி வைக்கவேண்டும்.

உயர்வை வீட்டு வாடகைப் படியில் போட்டு பி.எஃப். மிச்சம் பிடிக்கலாமே என்று ஒருவராவது கேட்பார். 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு அமலில் இருக்கிறது. அதில் ஊதியம் என்பதன் வரையறையிலிருந்து வீட்டு வாடகைப் படி வெளியே நிற்கிறது. வெளியே நிற்கும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி மட்டும் திரும்ப ஊதியத்தில் சேரும். 13,000இல் 4,000ஐ வாடகைப் படியாகக் காட்டினால், பாதியைத் தாண்டாததால் அந்த வரையறைப்படி ஊதியம் 9,000 மட்டுமே. குறைந்தபட்சத்துக்கு எவ்வளவோ கீழே. பி.எஃப்.பில் மாதம் 520 மிச்சம் பிடிக்கப்போய் ஆளுக்கு 3,950 பற்றாக்குறைக் கேள்வியை வாங்கிக்கொள்வது கெட்டிக்காரத்தனம் இல்லை. கீழ்ப் படிநிலைகளில் அடிப்படை, பஞ்சப்படி தவிர வேறு தலைப்பே வைக்காதீர்கள்.

எனக்குப் பிடித்தது மூன்றாம் வழி என்பது இதற்குள் தெரிந்திருக்கும். ஆனால் எல்லாருக்கும் அதைச் சொல்லமாட்டேன். கூடத்தில் கடைசி ஆளின் சம்பளமே குறைந்தபட்சத்தைவிட 8, 10 சதவீதம் மேலே இருக்கும் கம்பெனிக்கு இரண்டாம் வழி போதும். `MAX` வேலை செய்யவே வராது, சதவீதம் ஏணியை அப்படியே வைத்திருக்கும். ஏற்றுமதி ஆர்டர் நின்று மே மாதச் சம்பளத்துக்கே வங்கியைப் பார்க்கும் நிலையில் முதல் வழியைத் தவிர வேறு இல்லை. அப்போதும் பழைய 12 பேருக்கு மட்டும் 250க்குப் பதில் 550 கொடுங்கள். மாதம் 3,600தான் கூடும், அந்த 300 வித்தியாசம் உயிரோடு இருக்கும்.

மூன்றாம் வழியே தடுமாறும் வருடமும் உண்டு. குறைந்தபட்ச ஊதிய விகிதத்தை ஐந்து ஆண்டுக்குள் மறுபரிசீலனை செய்யவேண்டும் என்பது சட்டம். புதிய அறிவிக்கை வரும் வருடத்தில் அடிப்படைச் சம்பளமே மாறும், உயர்வு 550ஆக இல்லாமல் ஆயிரக்கணக்கில் போகலாம். அந்தத் தொகையை 54 பேருக்கும் முழுதாகக் கொடுக்கக் கம்பெனியால் முடியாது. அப்போது கூடத்தில் எல்லாருக்கும் முழுத் தொகை, தரம் பிரிப்பவருக்கு முக்கால், ஆபரேட்டருக்குப் பாதி என்று இறக்கலாம். இறக்கிய பிறகு ஒவ்வொருவரும் தம் வகைக்கான புதிய குறைந்தபட்சத்தைத் தாண்டுகிறார்களா என்று `C` பத்தியோடு ஒருமுறை ஒப்பிட வேண்டும். உங்கள் தொழிலின் கடைசி அறிவிக்கைக்கு எத்தனை வயது என்று பார்த்து, நான்கைத் தாண்டியிருந்தால் பட்ஜெட்டில் இப்போதே ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் ஏப்ரல் பட்டியல் முடிந்ததும் நான் ஒரு எண்ணிக்கை எடுப்பேன். `F` புதிய சம்பளம், `C` அவரவர் குறைந்தபட்சம்:

```
=SUMPRODUCT(--(F2:F61=C2:C61))
```

மேலே உள்ள 6 பேருக்கும் அவரவர் வகைக்கான தொகையை `C`யில் போட்டுவிட வேண்டும். நம் கம்பெனியில் இப்போது இது 18 காட்டும். முதல் வழியில் 30 ஆகும். இரண்டாம் வழியில் 18இலேயே நிற்கும். மூன்றாம் வழியில் ஏப்ரலிலேயும் 18தான், ஜூலையில் பூஜ்யம். போன வருட எண்ணிக்கையைவிட இந்த வருடம் கூடியிருந்தால் பட்டியலில் கையெழுத்துப் போடும் முன் முதலாளியிடம் அந்த ஒரு எண்ணை மட்டும் காட்டுவேன்.